கெட்ட வார்த்தை கடல் கடந்தால் எடை குறையுமா?

கோவை வாசகர், ஜூன் 3

பாப்புவா நியூ கினியில் பேசப்படும் டோக் பிசின் மொழியில், பழுதான எந்தப் பொருளையும் 'பகரப்' என்பார்களாம். ஆங்கிலேய மாலுமிகள் கோபத்தில் சொன்ன 'பகர் அப்' என்ற வசைதான் அதன் மூலம் என்று படித்தேன். பிறந்த ஊரை 'அஸ் பிளேஸ்' என்கிறார்கள். அந்த 'அஸ்' ஆங்கிலத்தில் ஆசனப்பகுதியைக் குறிக்கும் கொச்சைச் சொல். அப்பாவித் தீவு மக்கள் பொருள் தெரியாமல் வசவுகளைப் பொறுக்கிக்கொண்டு அவற்றாலேயே ஒரு மொழியைக் கட்டிவிட்டார்கள் என்பது என் முடிவு. அங்கே வாழ்ந்தவர்கள் யாரேனும் இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

லாயே ஆசிரியர், ஜூன் 3, இரவு

நான் 1990-களில் லாயே நகரில் ஆறு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தேன். முதல் வாரத்தில் பள்ளியின் தலைமை எழுத்தர் என் அறை வாசலுக்கு வந்து, "கா பிலோங் ஸ்கூல் இ பகரப்" என்றார். அவர் தேவாலயத்தில் மூப்பர்; வெற்றிலை கூடப் போடாதவர். பள்ளியின் கார் பழுதாகிவிட்டது என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் அதை ஆங்கிலக் காதால் கேட்டுவிட்டுப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவரோ நான் காருக்காக வருந்துகிறேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

'அஸ்' பற்றி நீங்கள் எழுதியதும் சரிதான், ஆனால் அது பிறந்த ஊரோடு நிற்பதில்லை. 'அஸ் பிலோங் தீவாய்' என்றால் மரத்தின் அடி. 'வனெம் அஸ் பிலோங் திஸ்பெலா ட்ரபெல்?' என்றால் இந்தச் சிக்கலின் காரணம் என்ன என்று பொருள். 'அஸ் டிங்டிங்' என்பது ஒரு செயலுக்கு அடியில் இருக்கும் எண்ணம். இவற்றைப் போதகர் மேடையிலிருந்து சொல்வார். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். 1989-ல் வெளிவந்த முழு டோக் பிசின் வேதாகமத்தில் நகரங்கள் அழிவதைச் சொல்லும் இடங்களில் 'பகரபிம்', அதாவது அழித்துவிடு, என்ற வினை இயல்பாக வருகிறது.

'பொருள் தெரியாமல் பொறுக்கினார்கள்' என்பதை நான் இப்போதைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

பயணப் பிரியர், ஜூன் 4

இதைவிடச் சுவையான செய்தி என்னிடம் இருக்கிறது. அந்த மொழியில் பியானோவுக்குத் தனிச் சொல்லே இல்லையாம். 'பல் வரிசை உள்ள பெரிய பெட்டி, பல்லில் அடித்தால் அழும்' என்று ஒரு முழு வாக்கியத்தையே சொல்வார்களாம். சொல்வளம் இல்லாத மொழி வசவைத்தானே எடுத்துக்கொள்ளும்?

லாயே ஆசிரியர், ஜூன் 4

பியானோவைப் பியானோ என்றுதான் சொல்வார்கள். அந்த நீண்ட வாக்கியம் வெள்ளைக்காரப் பயணிகள் விருந்துகளில் சொல்லிச் சிரித்த கதை. அங்கே வாழ்ந்த ஆறு ஆண்டுகளில் யார் வாயிலிருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. சொல்வளம் இல்லாததால் வசவை எடுத்தார்கள் என்பதும் பொருந்தாது. மலத்துக்கு அவர்களிடம் 'பெக்பெக்' என்ற தீவுமொழிச் சொல் இருக்கிறது. அதற்கு மேலும் ஆங்கில 'ஸிட்' வந்து வேறு வேலையை எடுத்துக்கொண்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

டர்பன்காரர், ஜூன் 6

என் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்காக நேட்டாலுக்கு வந்தவர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்த பிறகு தொடர்ந்து வந்த கப்பல்களில் ஒன்றில் அவர்கள் இருந்தார்கள். நீங்கள் எடை குறைந்த சொற்களைப் பேசுகிறீர்கள். எங்களிடம் எடை கூடிய சொல் ஒன்று இருக்கிறது. 'கூலி' என்பது தமிழில் வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். இங்கே அது முகத்தில் துப்புவதற்குச் சமம். சூலு மொழியிலும் 'அமாகூலா' என்று அது எங்கள் மேல் வசவாகவே ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு முதன்முதலாக வந்தபோது ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து, "மூட்டை தூக்கக் கூலி கொடுத்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு உடல் அதிர்ந்தது. அவருக்கு நான் ஏன் அதிர்ந்தேன் என்று புரியவேயில்லை.

லாயே ஆசிரியர், ஜூன் 7

ஐயா, நீங்கள் சொன்னது கேள்விக்கு நேர்ப்பதில் இல்லை, ஏனெனில் கூலி வசவாகப் புறப்பட்ட சொல் அல்ல. அந்தச் சொல் நம் கூலியிலிருந்து வந்ததா, குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்ததா, இரண்டும் கலந்ததா என்ற வழக்கும் முடியவில்லை. ஆயினும் அந்தக் கடைவாசல் அதிர்ச்சி எனக்கு ஒன்றைக் காட்டியது. எழுத்தர் வாயில் 'பகரப்' கேட்டு நான் அதிர்ந்ததும் உங்கள் அதிர்ச்சியும் ஒரே வகை. சொன்னவர் மனத்தில் இல்லாத எடை கேட்டவர் காதில் இருந்தது.

ஓய்வுபெற்ற மொழியியலார், ஜூன் 9

இரண்டு திருத்தங்கள் சொல்லவேண்டும்.

முதலாவது, கொடுத்தவர்களைப் பற்றி நீங்கள் யாருமே யோசிக்கவில்லை. 'பகர்' என்பது இடைக்காலத்தில் பல்கேரியர் என்ற பெயரிலிருந்து தோன்றி, சமயத் துரோகிகளுக்கும் பிறகு ஓரினப் புணர்ச்சிக்கும் வசவாக ஆன சொல். ஆனால் தெற்குப் பசிபிக்கில் சந்தனக்கட்டையும் கடலட்டையும் வாங்க வந்த கப்பல்களின் மாலுமிகளிடமும், குவீன்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களின் கங்காணிகளிடமும் அது ஏற்கனவே தேய்ந்துபோயிருந்தது. 'பகர் அப்' என்றால் அவர்களுக்கும் கெடுத்துவிடு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. லண்டன் வரவேற்பறையில்தான் அது கெட்ட வார்த்தை. கப்பல் தளத்தில் அது வேலைச் சொல். அந்த 'அஸ்' கூட அப்படித்தான். பாய்மரக் கப்பலில் கயிறு ஓடும் கப்பியின் கீழ்முனைக்கே மாலுமிகள் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஒரு பொருளின் அடிப்புறம் என்ற பொருள் தீவில் பிறந்ததல்ல, கப்பலிலேயே இருந்தது.

இரண்டாவது, வாங்கியவர்கள். டோக் பிசினுக்கு மிகுதியாகச் சொல் கொடுத்த தீவுமொழி ரபாவுல் பகுதியின் தோலாய் மொழி. அதில் 'வூனா' என்ற சொல்லுக்கு அடி, தோற்றுவாய், காரணம் ஆகிய பொருள்கள் உண்டு. குலத்துக்கு வழங்கும் 'வூனாதராய்' என்ற பெயரிலும் அது இருக்கிறது. அதன் உறவுச் சொற்கள் மலாய் வரை பரவியிருக்கின்றன. அந்த மக்கள் தங்களுக்கு ஏற்கனவே இருந்த ஒரு பெரிய கருத்துக்கு அந்நியச் சொல் ஒன்றைச் சட்டையாகப் போட்டார்கள். நாமும் அடிமரம் என்கிறோம், அடிப்படைக் காரணம் என்கிறோம். இதில் அப்பாவித்தனம் எங்கே இருக்கிறது?

லாயே ஆசிரியர், ஜூன் 9, இரவு

ஜூன் 3-ல் நான் ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெறுகிறேன். கப்பிச் செய்தி எனக்குப் புதிது.

வாக்களித்தபடி 'ஸிட்' பற்றி எழுதுகிறேன். அடுப்புச் சாம்பலை அங்கே 'ஸிட் பிலோங் பாயா' என்பார்கள். நெருப்பு தின்றுவிட்டு வெளியே விட்ட கழிவு என்று விரித்துக்கொள்ளலாம். என் வீட்டில் சமைக்க உதவிய அம்மையார் தினமும் காலையில் அதை அள்ளிக் கீரைப் பாத்தியில் போடுவார். தன் கணவரின் தம்பி முன்னால் சிரிக்கவே கூசும் அவர், அந்தச் சொல்லைத் தயக்கமின்றிச் சொல்வார். எங்கள் ஊரில் காதுக்குறும்பியைக் காதுப்பீ என்று பாட்டிமார் சொல்வதை நினைத்துக்கொண்டேன். ஒரு பொருளோடு சேர்ந்து கூட்டுச்சொல் ஆகிவிட்டால் முன்பாதியின் நாற்றம் அடங்கிவிடுகிறது.

கோவை வாசகர், ஜூன் 12

என் 'அப்பாவி' என்ற சொல்லையும் நான் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு சொல்லுக்கு எடை இருக்கிறதா இல்லையா என்று வெளியூர்க்காரர் எப்படி அறிவது? எல்லாரும் முகம் சுளிக்காமல் கேட்கிறார்கள் என்பதாலேயே எடை இல்லை என்று சொல்ல முடியுமா? உங்கள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கலாமே?

லாயே ஆசிரியர், ஜூன் 13

இது நல்ல கேள்வி. நான் அங்கே கையாண்ட வழியைச் சொல்கிறேன். அதை ஆராய்ச்சி முறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே 'தம்பு' என்று சொல்லப்படும் சம்பந்தி உறவினர் முன்னால் பேச்சு மிகக் கட்டுப்பாடானது. சில ஊர்களில் மாமியாரின் பெயரைக்கூட வாயால் சொல்லமாட்டார்கள். சகோதரி இருக்கும் இடத்தில் அண்ணன் தம்பிகள் உடலைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆகவே தம்பு முன்னாலும் சகோதரி முன்னாலும் ஒரு சொல் தடையின்றி வருகிறதா என்று கவனித்தேன். 'பகரப்' வரும், 'அஸ் பிளேஸ்' வரும். பெண்ணுறுப்பைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லும் டோக் பிசினுக்குள் நுழைந்திருக்கிறது. அது வராது. வந்தால் அடிதடிதான்.

அடுத்து, அந்தச் சொல்லுக்கு மாற்றாக நாசூக்கான சொல் ஒன்று புழங்குகிறதா என்று பார்த்தேன். மக்கள் சுற்றிவளைத்துச் சொல்லும் இடத்தில்தான் முள் இருக்கிறது. பழுதுக்கு அப்படி மாற்றுச் சொல் தேடியவன் நான் ஒருவன்தான். 'பகரப்' என்று சொல்லக் கூசி முதல் மாதம் முழுவதும் 'இ நோ வோக் குட்', நன்றாக வேலை செய்யவில்லை, என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேசைக்கால் உடைந்து தரையில் கிடந்தபோதும் அதையே சொன்னேன். காவலாளி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இனி நான் சொல்லவேண்டிய கசப்பான பகுதி. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலக் கட்டுரையில், பெருமழை எங்கள் தோட்டத்தை 'பகர்ட் அப்' செய்துவிட்டது, பாட்டி அழுதார் என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்து, வகுப்பின் முன் நிறுத்தி, கெட்ட வார்த்தை எழுதலாமா என்று கண்டித்தேன். அவன் தலை குனிந்து நின்றான். மாலையில் உள்ளூர் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, "அவனுக்கு நீங்கள் மதிப்பெண் அல்லவா கூட்டியிருக்க வேண்டும்?" என்று கேட்டார். அவன் தாய்ச்சொல்லான 'பகரப்'பிலிருந்து அதன் ஆங்கில மூலத்தைத் தானே ஊகித்து, இறந்தகால விகுதியும் சேர்த்து, பிழையில்லாமல் எழுதியிருந்தான். அவன் செய்த தவறு அந்தச் சொல் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது பழைய எடையையும் சுமந்துகொண்டு போகும் என்று அறியாததுதான். அதை நான் அவனுக்கு விளக்கியிருக்க வேண்டும். மறுநாள் விளக்கினேன், ஆனால் வகுப்பின் முன் அல்ல.

ஈப்போ நண்பர், ஜூன் 14

மலேசியாவில் கொடுத்தவர்கள் இடத்தில் நாமே நிற்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுறுப்பைக் குறிக்கும் நம் கடும் வசவு ஒன்று, கடைசி அசை சிதைந்து 'க்' என்று முடியும் வடிவில், மலாய் இளைஞரிடமும் சீன இளைஞரிடமும் தாராளமாகப் புழங்குகிறது. என் சீன நண்பன் சாலை நெரிசலில் அதை நாம் 'ஐயோ' என்பது போலச் சொல்வான். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், சூடான முறுக்கைக் கடித்ததும் என் அம்மாவின் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டான். அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். "அது தமிழ்ச் சொல்லா?" என்று அவன் உண்மையாகவே கேட்டான். 'மச்சா' போல அதுவும் ஊர்ச் சொல் என்றுதான் நினைத்திருந்தான். இன்றும் என் அம்மா அவனைப் பெயர் சொல்லாமல், "முறுக்குக் கடித்த பையன் வருகிறானா?" என்றே கேட்பார்.

ஓய்வுபெற்ற மொழியியலார், ஜூன் 15

லாயே ஆசிரியரின் பட்டியலில் இருக்கும் இடறலை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரே கப்பலில் ஒரே வாயிலிருந்து வந்த இரண்டு உடலுறுப்புச் சொற்களில் ஒன்று தன் எடையை இழந்தது, இன்னொன்று காத்துக்கொண்டது. என் விளக்கம் இது: அந்தத் தீவுமொழிகளில் ஆசனப்பகுதிக்கும் மரத்தடிக்கும் உறவு காண்பது இயல்பு, பிறப்புறுப்போ எங்கும் விலக்குக்கு உரியது. வசவின் எடை சொல்லோடு கப்பலில் வருவதில்லை. வாங்குபவர் வீட்டில் ஏற்கனவே இருக்கும் விலக்கு அந்தச் சொல் மேல் ஏறி உட்கார்ந்தால் எடை உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஈப்போ நண்பர், ஜூன் 15

அப்படியானால் என் சீன நண்பன் வீட்டில் பிறப்புறுப்பு விலக்குக்கு உரியதில்லையா? உங்கள் விதி முறுக்கிலேயே உடைகிறது, ஐயா.

ஓய்வுபெற்ற மொழியியலார், ஜூன் 16

அவன் அந்தச் சொல்லை உறுப்பின் பெயராக வாங்கவில்லை, கத்தும் ஒலியாக வாங்கினான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அது பின்னால் கட்டிய வாதம் என்று எனக்கே தெரிகிறது.

லாயே ஆசிரியர், ஜூன் 18

தப்பிக்கவேண்டியதில்லை, அதில் விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். டோக் பிசினில் 'பிளாடி' என்ற வசவும் உண்டு. அதில் இரத்தமும் இல்லை, பொருளும் இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது. சொல்லின் பொருள் வந்து எடை வராமல் போனது 'அஸ்'. கோபம் வந்து பொருள் வராமல் போனது 'பிளாடி'. முறுக்குப் பையன் வாங்கியது இரண்டாவது வகை. சொலமன் தீவுகளின் பிஜின் மொழியில் 'பகா' என்றால் வெறுமனே ஆள், பயல் என்று பொருள். அதற்கு இரண்டுமே வரவில்லை.

அதே சொலமன் தீவுகளின் மலைட்டாவில் வசவுக்கு ஈடு கேட்பது வழக்கம். ஒருவரின் சகோதரியைத் தொட்டுத் திட்டினால் சிப்பிப் பண மாலையோ பன்றியோ கொடுத்துத் தீர்க்கவேண்டும். அங்கிருந்து வந்த சக ஆசிரியர் ஒருவர், "உங்கள் ஊரில் திட்டுவது இலவசமா?" என்று வியந்தார்.

டர்பன்காரர், ஜூன் 20

வாங்குபவர் வீட்டு விலக்கு என்ற விளக்கம் எங்கள் ஊருக்குப் போதாது. 'ஃபூட்செக்' என்ற சொல் டச்சு மொழியில் 'போ என்கிறேன்' என்பதன் சுருக்கம். நாயை விரட்டப் பயன்பட்டது. வெள்ளை முதலாளிகள் அதை மனிதர் மேல் வீசினார்கள், தென்னாப்பிரிக்காவின் மொழிகள் பலவும் அதை எடுத்துக்கொண்டன. மனிதரைப் பார்த்துச் சொன்னால் இன்றும் அது சண்டைக்கு அழைப்பு. அதில் உடலுறுப்பும் இல்லை, விலக்கும் இல்லை. யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதே அதன் முழு எடை. சுரங்கங்களில் வேலைக்குச் சேருபவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஃபனகாலோ கலப்பு மொழியையே பலர் வெறுப்பதற்கும் அதுதான் காரணம். அதில் கெட்ட வார்த்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது ஏவல் மொழியாகவே காதில் விழுந்தது.

லாயே ஆசிரியர், ஜூன் 21

உங்கள் சொல்லுக்கு நேர் இணை ஒன்று டோக் பிசினில் இருக்கிறது, இத்தனை நாள் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. 1884 முதல் 1914 வரை அந்தப் பகுதியை ஆண்ட ஜெர்மானியர்கள் வேலையாட்களை 'ரவுஸ்!' என்று விரட்டினார்கள். வெளியே போ என்ற கடுமையான ஏவல் அது. இன்று 'ரவுசிம்' என்றால் அகற்று, எடுத்துவிடு என்று மட்டுமே பொருள். குப்பையை அகற்றுவதற்கு 'ரவுசிம் பிப்யா' என்பார்கள். சட்டையைக் கழற்றுவதற்கும் அதே சொல்தான்.

இரண்டும் முதலாளியின் 'வெளியே போ'. உங்களிடம் அது காயமாகவே நின்றது, அங்கே வீட்டு வேலை ஆகிவிட்டது. ஜெர்மானியர் முப்பது ஆண்டில் போய்விட்டார்கள், அந்தச் சொல்லை அந்தத் தொனியில் திரும்பச் சொல்ல அங்கே யாரும் மிஞ்சவில்லை. உங்கள் ஊரில் சொன்னவர்கள் தொடர்ந்து இருந்தார்கள் என்று காரணம் சொல்லலாம்.

லாயே ஆசிரியர், ஜூன் 21, பின்னிரவு

மேலே எழுதியதை நானே ஐயப்படுகிறேன். ஆஸ்திரேலியர்கள் 1914 முதல் 1975 வரை அங்கேயே ஆண்டார்கள், 'பகர் அப்' என்று தினமும் சொன்னார்கள். ஆனாலும் 'பகரப்' எடை கூடவில்லை. அவர்கள் அதைப் பெரும்பாலும் ஆளைப் பார்த்துச் சொல்லாமல் பழுதான வண்டியைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதால் இருக்கலாம். அப்படியென்றால் சொன்னவர் அங்கே இருந்தாரா என்பதைவிட, டர்பன்காரர் சொன்னபடி, சொல் எதன் மேல் விழுந்தது என்பதே கணக்கு. ஆனால் 'ரவுஸ்' ஆள் மேல்தானே விழுந்தது?

டர்பன்காரர், ஜூன் 22

விழுந்த ஆட்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்காமல் அது காயமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

லாயே ஆசிரியர், ஜூன் 24

நேற்று அந்த உள்ளூர் ஆசிரியையிடம் தொலைபேசியில் கேட்டேன். அவருடைய பாட்டனார் ஜெர்மன் தென்னந்தோப்பில் வேலை செய்தவர். 'ரவுசிம்' எங்கிருந்து வந்தது தெரியுமா என்றதற்கு, "ஆங்கிலமாக இருக்கும், பள்ளியில் சொல்லித்தரவில்லை" என்றார். மூலத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பாட்டனார் முதுமையில் கோழிகளை முற்றத்திலிருந்து விரட்டும்போது மட்டும் 'இம்' சேர்க்காமல் 'ரவுஸ், ரவுஸ்' என்று கையை ஓங்கிக் கத்துவார் என்றும், அந்தக் குரல் அவருடைய வழக்கமான குரல்போல இருக்காது என்றும், பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றும் சொன்னார்.